தொப்புளில் தொடங்கி வலப்புற அடிவயிற்றில் தங்கும் வலி: குடல்வால் அழற்சியா, வாயுவா?

முதல் சில மணி நேரத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். குடல்வால் அழற்சி, அதாவது அப்பென்டிசைட்டிஸ், தொடங்கும்போது வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தோன்றும். வாயு அடைத்துக்கொண்டாலும் வலி அங்கேயே வரலாம். குடல்வாலிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள், தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே மட்டத்தில் நுழைவதால், நோய் வலப்புற மூலையில் இருந்தாலும் நடுவயிற்றில் வலிப்பதாகவே மூளை உணர்கிறது. ஆகவே வலி எங்கே தொடங்கியது என்பதைக் காட்டிலும், அடுத்த 12 முதல் 24 மணி நேரத்தில் அது எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பதே நமக்குத் தேவையான செய்தி.

குடல்வாலின் வீக்கம் உள்ளிருந்து வெளிச்சுவரை எட்டி, வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைத் தொடும்போது வலியின் இயல்பு மாறுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவை. அதனால், அதுவரை "வயிறு முழுக்க என்னவோ செய்கிறது" என்றவர் இப்போது ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவார். வலப்புற இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் அந்த இடம் அமையும். 1889-இல் இதை விவரித்த அறுவை மருத்துவர் மெக்பர்னியின் பெயராலேயே இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அங்கு வந்து தங்கிய வலி பொதுவாக விட்டுப் போவதில்லை, மணிக்கு மணி கூடிக்கொண்டே வரும். வாயு வலியோ அலை அலையாக முறுக்கிப் பிடித்துத் தளரும், இடம் மாறும், வயிறு இரையும், வாயு பிரிந்தாலோ மலம் கழித்தாலோ குறையும். பெருங்குடலின் தொடக்கப் பகுதியும் வலப்புற அடிவயிற்றில்தான் இருக்கிறது என்பதால் வாயுவும் அங்கே சிறிது நேரம் தங்கி வலிக்கலாம். குழப்பத்துக்குக் காரணமே இதுதான்.

ஓர் இளைஞருக்கு இரவு 9 மணிக்குத் தொப்புளருகே மந்தமான வலி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உணவைப் பார்க்கவே பிடிக்காமல் படுக்கிறார். நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை வாந்தி வருகிறது. காலை 6 மணிக்கு வலி வலப்புறம் இறங்கியிருக்கிறது, உடல் வெப்பம் 37.9 டிகிரி செல்சியஸ். கழிப்பறைக்கு வலப்புறம் குனிந்தபடி மெல்ல நடக்கிறார். இருமும்போது கை தானாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிறிது வாயு பிரிந்தும் வலியில் மாற்றமில்லை. இந்த வரிசையே என்னைக் கவலைகொள்ளச் செய்யும்: முதலில் வலி, பிறகு பசியின்மையும் வாந்தியும், அதன்பின் லேசான காய்ச்சல். வாந்தி முதலில் வந்து வலி பின்னால் வந்திருந்தால் இரைப்பைக் குடல் தொற்றை முதலில் நினைப்பேன். வாயுவாக இருந்திருந்தால் காய்ச்சல் இருந்திருக்காது. அவர் அசையாமல் கிடக்காமல், புரண்டும் எழுந்து நடந்தும் சுகம் தேடியிருப்பார்.

அசைவைப் பற்றிய இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கவனிக்கலாம். குதிகால்களை உயர்த்தித் தரையில் 'தொம்' என்று இறக்கும்போதோ, வண்டி ஒரு குழியில் ஏறி இறங்கும்போதோ வலப்புறம் சுருக்கென்று குத்தினால், சவ்வு எரிச்சலடைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் வயிற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பது வேண்டாம். அந்தச் சோதனையை மருத்துவரே செய்யட்டும்.

இந்தப் பாதை எல்லோரிடமும் இப்படியே அமைவதில்லை. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி விலாவிலோ முதுகிலோ தெரியும். இடுப்புக் குழிக்குள் தொங்கினால் வயிற்றுப்போக்கோ அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வோ வந்து திசைதிருப்பும். சிறு குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் அறிகுறிகள் மங்கலாகவே இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வலி இன்னும் மேலே தோன்றலாம். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு இந்த இடத்தில் வலித்தால், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவா என்பதை அன்றே பார்த்தாக வேண்டும்.

மிகவும் ஏமாற்றுவது, கடுமையான வலி திடீரென்று தணிவது. வாயு வெளியேறியபின் வலி தணிந்தவர் பசிக்கிறது என்பார், இயல்பாக நடமாடுவார். குடல்வால் வெடித்தால் உள்ளழுத்தம் குறைந்து சிறிது நேரம் இதமாக இருக்கும். பிறகு வயிறு முழுவதும் வலி பரவி, வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் ஏறும். அந்த இடைவெளியில் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவதுதான் பெரும் ஆபத்து.

ஆகவே வலப்புறம் தங்கிவிட்ட வலி சில மணி நேரத்தில் குறையாமல் கூடினால், அல்லது வாந்தி, காய்ச்சல், அசைந்தால் குத்துதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், இரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அதுவரை பேதி மருந்தும் எனிமாவும் கூடாது, ஏனெனில் குடலின் இயக்கத்தைத் தூண்டுவது வெடிப்புக்கு வழிவகுக்கக்கூடும். அறுவை தேவைப்படலாம் என்பதால் உணவையும் தவிர்க்க வேண்டும். மருத்துவமனையில் இரத்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும், தேவைக்கேற்ப அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேனையும் பார்ப்பார்கள். ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது சில மணி நேரம் கழித்து அதே மருத்துவர் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே பலமுறை விடையைத் தருகிறது.