நீல மூடியும் பச்சை மூடியும்: அம்மாவின் மாத்திரைப் பெட்டி, 14 மாதங்களுக்குப் பிறகு

போன வாரம் வியாழக்கிழமை மூடி கையோடு வந்துவிட்டது. அதே நாளில் தோழி ஒருத்தி, "மாமியாருக்கு வாங்கலாமா?" என்று கேட்டாள். அதனால்தான் இது.

ஏழு நாளுக்கும் மூன்று வேளை: காலை மஞ்சள், மதியம் பச்சை, இரவு நீலம். ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பினால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. "போட்டேனா, போடலையா?" என்ற தினசரி வழக்கு ஒழிந்தது உண்மை. கட்டம் காலியா என்று பார்த்தால் போதும்.

ஆனால் நிறம்! அம்மாவுக்கு 74 வயது, இரண்டு கண்ணிலும் புரை. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் இரவுக் கட்டம் காலி, மதியக் கால்சியம் அப்படியே இருக்கிறது. "பச்சையத்தான் தொறந்தேன்" என்று சத்தியம் செய்கிறார். பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். இரவுக்கான மெட்ஃபார்மினும் கொழுப்பு மாத்திரையும்தானே, சாப்பிட்ட பிறகுதானே போட்டார், பரவாயில்லை, ராத்திரி மறுபடி கொடுக்க வேண்டாம் என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, நீல ஒளியைத்தான் முதலில் தின்கிறது. அடர் நீலமும் அடர் பச்சையும் ஒரே இருட்டாகிவிடும். முதியவர்களுக்கென்று பெட்டி செய்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? வாங்குமுன் மூடிகளைச் சாயங்கால லைட் வெளிச்சத்தில் காட்டி, என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

பிரிண்டரில் அடித்த லேபிளை ஒட்டினேன். ஈரக்கை பட்டு நாலே நாளில் மை கலங்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது வெள்ளைத் துணி பிளாஸ்திரிதான்: பெர்மனன்ட் மார்க்கரில் 'மதி', 'ரா' என்று பெரிதாக எழுதி ஒட்டி, இரவு மூடிகளில் இரண்டாவதாக இன்னொரு துண்டையும் மேடாக ஒட்டினேன். கண் ஏமாற்றினாலும் விரல் சொல்லிவிடும். தைராய்டு மாத்திரை மட்டும் பெட்டிக்கு வெளியே. வெறும் வயிற்றுக்கு அதில் கட்டமே இல்லை, அதனால் புட்டியோடு பல் துலக்கும் இடத்தில் வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் முன்பு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்த மறுநாள் பெட்டியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தார். "ஏண்டி, இது நீலமா! இந்தக் கண்ணுக்கு நீலம், அந்தக் கண்ணுக்குக் கருப்பு." அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் வேடிக்கை.

தோழிக்குச் சொன்ன பதில்: வாங்காதே. கீல் ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை, நிறத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கண் டாக்டரைத் தெரியாது. அன்று ராத்திரியே அதே பெட்டியை எங்களுக்கு மறுபடி ஆர்டர் போட்டேன். நேற்று வந்தது. பிளாஸ்திரி ஒட்டப் போனால் அம்மா கையைத் தட்டிவிடுகிறார், நீலம் மறைந்துவிடுமாம்.