எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு: டிவியின் ஷார்ப்னெஸை இறக்கி இரண்டு வருடத்துக்கு மேல்

"அண்ணா, எழுத்துக்குப் பின்னாடி வெள்ளையா இன்னொரு எழுத்து நிக்குது" என்று தங்கைதான் முதலில் சொன்னாள். 2022 தீபாவளிக்கு வாங்கிய 43 அங்குல 4கே டிவி அது. அதில் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலை மாட்டி ஸ்டார்டியூ வேலி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டில் ஊர்க்காரர்கள் பேசுவது மணல் நிறப் பலகையில் அடர் பழுப்பு எழுத்தாக வரும். ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டடி கிட்டே போய்ப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி, பலகையின் நிறத்தைவிட வெளுத்த மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கோலத்தின் ஓரத்தில் இன்னொரு முறை மாவு இழுத்தது போல இருந்தது.

பிக்சல் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அது தவறு. மறுநாள் ஸ்விட்ச்சின் கேப்சர் பட்டனை அழுத்தி அதே காட்சியைப் படம்பிடித்து, போனுக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்விட்ச் எடுக்கும் படம் 720பி அளவுதான் என்பதால் எழுத்து கொஞ்சம் மசமசவென்று இருந்தது. ஆனால் வெள்ளைக் கோடு எங்குமே இல்லை. கன்சோல் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் டிவி செய்யும் வேலை எதுவும் பதிவாகாது. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டில் இல்லாத கோடு திரையில் இருந்தால், அதைப் போடுவது டிவிதான். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். டிவித் திரையைப் போன் கேமராவால் எடுத்து ஒப்பிடாதீர்கள். போன் கேமராவும் தன் பங்குக்கு விளிம்பைக் கூர்மையாக்கும், அப்புறம் எந்தக் கோடு யாருடையது என்று பிரிக்க முடியாது.

ஷார்ப்னெஸ் என்ற பெயரைப் பார்த்து, ஏற்றினால் படத்தில் இல்லாத விவரம் வந்து சேரும் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது விளிம்புகளை மட்டும் தேடி, அங்கே வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகி இருக்கிறதோ அதில் ஒரு பங்கை அதே திசையில் கூட்டுகிறது. ஒரு எளிய கணக்குப் போடலாம். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில், பின்னணி 128 அளவு சாம்பல், எழுத்து 40 அளவு கருமை என்று வைத்துக்கொள்வோம். எழுத்தை ஒட்டிய சாம்பல் புள்ளியின் ஒரு பக்கம் 128, மறுபக்கம் 40. மூன்றின் சராசரி சுமார் 99. புள்ளி அதைவிட 29 அதிகம். அதில் பாதியைக் கூட்டினால் 128 ஆக இருந்தது ஏறக்குறைய 143 ஆகிவிடும். எழுத்தின் ஓரப் புள்ளியோ 40-லிருந்து 25-க்கு இறங்கும். அந்த 143-தான் தங்கை பார்த்த வெள்ளைக் கோடு.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. முழுக் கறுப்புப் பின்னணியில் முழு வெள்ளை எழுத்து இருந்தால் கோடு அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை அதற்கு மேல் வெளுக்க இடமில்லை, கறுப்பு அதற்குக் கீழ் கறுக்க இடமில்லை. அதனால்தான் கன்சோலின் மெனுவைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றிவிடுகிறது. விளையாட்டுக்குள் போனால் எழுத்துகள் பெரும்பாலும் இடைப்பட்ட நிறப் பலகைகளிலும், பாதி ஊடுருவித் தெரியும் சாம்பல் பெட்டிகளிலும் இருக்கும். அங்கே மேலும் கீழும் இடம் இருப்பதால் கோடு முழுதாக வெளிப்படுகிறது.

சோதனைப் படமும் அதனால் சாம்பலில்தான் இருக்க வேண்டும். நான் மடிக்கணினியை எச்டிஎம்ஐ வழியாக, ஸ்விட்ச் மாட்டியிருந்த அதே துளையில் மாட்டினேன். கீழே உள்ளதை `test.html` என்று சேமித்து பிரவுசரில் முழுத்திரையாகத் திறந்தேன்.

```html
<body style="background:#808080; margin:200px">
<div style="width:1px; height:500px; background:#000"></div>
<div style="width:500px; height:1px; background:#000"></div>
</body>
```

ஒரு புள்ளி அகலத்தில் ஒரு நெடுங்கோடு, ஒரு குறுக்குக்கோடு, அவ்வளவுதான். விண்டோஸ் 4கே டிவியைக் கண்டால் பெரும்பாலும் எல்லாவற்றையும் தானாகப் பெரிதாக்கிக் காட்டும். அதை 100% ஆக்க வேண்டும், பிரவுசரின் ஜூமும் 100% இருக்க வேண்டும். எழுத்தை வைத்துச் சோதிக்காமல் கோட்டை வைத்துச் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் தன் எழுத்துகளின் ஓரத்தில் சன்னமான சிவப்பு, நீல நிழல் சேர்க்கும். அதையும் டிவியின் வேலை என்று எண்ணி ஒரு மாலையை நான் வீணாக்கினேன்.

ஷார்ப்னெஸைத் தொடும் முன் படத்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். என் டிவி 16:9 என்ற அமைப்பில் ஓரங்களைச் சிறிது வெட்டி, மீதியை இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தது. இப்படி இழுத்தால் ஒரு புள்ளிக் கோடு பக்கத்துப் புள்ளியிலும் படர்ந்து மங்கும். அந்த மங்கலைப் போக்க ஷார்ப்னெஸை ஏற்றத் தோன்றும், ஏற்றினால் வெள்ளைக் கோடு வரும். இந்த அமைப்பின் பெயர் டிவிக்கு டிவி மாறும். `Just Scan`, `Fit to Screen`, `Full Pixel` என்று எந்தப் பெயரில் இருந்தாலும், விண்டோஸின் டாஸ்க்பார் திரையின் அடி ஓரம் வரை முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

அதைச் சரிசெய்த பிறகுதான் ஷார்ப்னெஸுக்கு வந்தேன். அளவுகோல் 0 முதல் 100 வரை. கேம் மோடில் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு 50. அதில் கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் பளிச்சென்று வெள்ளைக் கோடு. 30-க்கு வந்தபோது அது மெலிந்தது, 20-இல் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது, 10-இல் மறைந்துவிட்டது. சரி, இன்னும் இறக்குவோம் என்று 0-க்குப் போனேன். கறுப்புக் கோடு கறுமை குறைந்து, சற்று அகலமாகச் சாம்பலோடு கரைந்தது. ஆக, என் டிவியில் 10-க்கு மேல் போனால் கூர்மையைச் சேர்க்கிறது, 10-க்குக் கீழே போனால் மழுக்குகிறது. எதையும் செய்யாமல் விடும் நடுநிலை 10.

இந்த 10-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சோனி பிரேவியா டிவிகளில் நடுநிலை 50, அதற்குக் கீழே இறக்கினால் படம் மழுங்கும். வேறு பல டிவிகளில் நடுநிலை 0 தான். "ஷார்ப்னெஸைப் பூஜ்யத்தில் வை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைக் கேட்டு சோனியில் பூஜ்யம் வைத்தவர், எழுத்து கலங்கியதைப் பார்த்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவார். எண்ணைவிட அந்தக் கறுப்புக் கோட்டை நம்புவது நல்லது. ஓரம் வெளுக்கவும் கூடாது, கோடு கரையவும் கூடாது.

ஷார்ப்னெஸ் ஒன்று மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை என்பதையும் பிறகுதான் கண்டுபிடித்தேன். நுட்பத் தெளிவு, விளிம்பு மேம்பாடு, சூப்பர் ரெசல்யூஷன் என்ற மாதிரிப் பெயர்களில் தனித்தனி அமைப்புகள் வேறு மெனுக்களில் இருக்கும். கேம் மோட் போட்டாலே இவற்றில் சில தானாக அணைந்துவிடும். ஆனால் ஷார்ப்னெஸ் மட்டும் அப்படியே நிற்கும். கேம் மோட் போட்டாயிற்றே என்று நான் நிம்மதியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

முதல் வாரம் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. எல்லாம் மெத்தென்று, கொஞ்சம் உயிரற்று இருப்பதாகத் தோன்றியது. தங்கைக்கு உடனே பிடித்துவிட்டது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பழைய எண்ணைப் போட்டுப் பார்ப்போம் என்று 50-க்கு ஏற்றினேன். எழுத்துகள் வெட்டி ஒட்டிய காகிதம் போல நின்றன. அன்றைக்கு இறக்கியதுதான், பிறகு ஏற்றவே இல்லை. இரவில் நீண்ட நேரம் பொருள் பட்டியல்களையும் உரையாடல்களையும் படிக்க வேண்டிய விளையாட்டுகளில்தான் பலன் அதிகம். கிரிக்கெட், கார் பந்தயம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

ஸ்விட்ச்சில் கோடு முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. டாக்கில் வைத்தாலும் அது தருவது அதிகபட்சம் 1080பி. அதன் ஒவ்வொரு புள்ளியையும் டிவி நான்கு புள்ளிகளாக விரிக்கிறது. அந்த விரிக்கும் கணக்கே விளிம்பில் லேசான அலை ஒன்றை விட்டுச்செல்கிறது. இரண்டடிக்குள் போய்ப் பார்த்தால் இன்றும் அது தெரியும். இதற்கு ஷார்ப்னெஸில் மருந்து இல்லை. பின்னர் வாங்கிய பிளேஸ்டேஷன் 5-இலிருந்து 4கே சிக்னல் நேரடியாக வருவதால் அதில் எழுத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

அந்தப் பிளேஸ்டேஷன்தான் இன்னொரு பாடம் கற்றுக்கொடுத்தது. அதன் மெனுவில் எழுத்து சுத்தமாக இருந்தது. ஒரு எச்டிஆர் விளையாட்டைத் திறந்ததும் பழைய வெள்ளைக் கோடு திரும்ப வந்து நின்றது. எச்டிஆர் சிக்னல் வந்ததும் டிவி வேறொரு அமைப்புக்குத் தாவுகிறது, அதற்கென்று தனி ஷார்ப்னெஸ் இருக்கிறது, அங்கே இன்னும் 50 தான் இருந்தது. எச்டிஆர் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து மாற்றினால்தான் அது அந்த அமைப்பில் பதியும். 2024-இல் ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு எல்லாம் பழையபடி 50-க்குப் போயிருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் என்னென்ன எண் என்று ஒரு தாளில் எழுதி, டிவியின் பின்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நடுநிலையில் வைத்த பிறகும் எங்காவது கோடு தெரிந்தால், அது எதைச் சுற்றித் தெரிகிறது என்று பாருங்கள். இப்போதைய விளையாட்டுகள் பல, காட்சியைக் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கி, தாமே கூர்மையும் சேர்க்கின்றன. எழுத்துகளைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் மேலே வரைகின்றன. மரக்கிளை, வேலிக்கம்பி ஓரங்களில் மட்டும் கோடு இருந்து எழுத்து சுத்தமாக இருந்தால், விளையாட்டின் அமைப்பில் உள்ள கூர்மையைக் குறைக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியும் இருந்தால் டிவி மெனுவுக்குத்தான் திரும்ப வேண்டும். இருட்டு அறையில் வெள்ளை எழுத்தைச் சுற்றி விரலளவுக்குப் பரவும் வெளிச்சம் வேறு சங்கதி. அது பின்விளக்கிலிருந்து வருவது, ஷார்ப்னெஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேபிள் செட்டாப் பாக்ஸ் மாட்டிய துளையில் மட்டும் 20 வைத்திருக்கிறேன். அதில் வரும் பழைய தரச் சேனல்கள் ஏற்கெனவே மங்கலானவை, அப்பாவுக்குச் செய்தியின் அடியில் ஓடும் எழுத்து கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். அவர் கேட்டபடி 20 வைத்தேன், அவருக்கு அது சரியாக இருக்கிறது.