வரி வரியாக வரைவதா, நோடு பட்டியல் போட்டு வரைவதா?

காரைக்குடியில் சாயங்காலம் டிப்ளமோ பையன்களுக்கு சர்க்யூட் கணக்கு சொல்லித் தருகிறேன். வாக்கியமாக வரும் கணக்கைப் படமாக்க அவர்களிடம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படிக்கப் படிக்க வரைந்துகொண்டே போவது. இன்னொன்று, நோடுகளை, அதாவது பாகங்கள் வந்து சேரும் புள்ளிகளை, எழுதி முடித்த பிறகு வரைவது. நான் இரண்டாவது கட்சி.

முதல் வழி வேகமானது. ஒரு பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர் என்றால் அதுவே போதும். நடுவில் வெறும் வயர் வரும் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் பாருங்கள்: AB, BC, CD என வரிசையாக மூன்று 6 ஓம் ரெசிஸ்டர்கள். A-யையும் C-யையும் ஒரு வயர் இணைக்கிறது, B-யையும் D-யையும் இன்னொரு வயர். 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ் A-யில், மைனஸ் D-யில்.

படித்துக்கொண்டே வரைகிறவன் முதல் வாக்கியத்திலேயே நேர்கோடு போட்டுவிடுவான். வயர்கள் மேலும் கீழும் வளைவாக வந்து ஒட்டிக்கொள்ளும். படம் தப்பில்லை, ஆனால் கண்ணுக்கு நேர்கோடுதான் தெரியும். "அண்ணே, மொத்தம் 18 ஓம்தானே?" என்பான். மின்னோட்டத்துக்குப் போடும் அம்புக்குறிகளும் மூன்றிலும் இடமிருந்து வலமாக இருக்கும்.

பட்டியல் போடுகிறவன் முதலில் வயரைத் தேடுவான். வயரில் மின்தடை இல்லை என்பதால் A-யும் C-யும் ஒரே நோடு. செட்டிநாட்டு வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருப்பது போல, பெயர் இரண்டு, இடம் ஒன்று. அதே மாதிரி B-யும் D-யும் ஒன்று. ஆக மிஞ்சுவது இரண்டே நோடு: AC 12 வோல்ட்டில், BD பூஜ்ஜியத்தில். இப்போது ஒவ்வொரு ரெசிஸ்டரும் எந்த இரண்டு நோடுக்கு நடுவில் என்று எழுதினால், மூன்றுக்கும் ஒரே பதில் வரும். மூன்றும் பக்க இணைப்பு, மொத்தம் 2 ஓம், பேட்டரியிலிருந்து 6 ஆம்பியர்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது அம்புக்குறிதான். மின்னோட்டம் AC-யிலிருந்து BD-க்குத்தான் போக முடியும். அப்படியானால் நடு ரெசிஸ்டரில் 2 ஆம்பியர் C-யிலிருந்து B-க்கு, அதாவது படித்த வரிசைக்கு எதிராக ஓடுகிறது. நேர்கோட்டுப் படத்தில் இது தோன்றவே தோன்றாது. திசை முன்கூட்டித் தெரியாத கணக்கில் ஏதோ ஒரு பக்கம் அம்பு போட்டு வைக்கலாம். விடை மைனஸில் வந்தால் ஓட்டம் அம்புக்கு எதிர்ப்பக்கம் என்று அர்த்தம்; அம்பை அழிக்காமல் அப்படியே விடவேண்டும்.

ஒரு இடத்தில் முதல் வழிக்கே மதிப்பு. A–C வயரில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்டால், நோடுகளைச் சேர்த்த படத்தில் அந்த வயரே இருக்காது. அதற்குப் பழைய படத்துக்குத் திரும்பி, A-க்கு வரும் 6-லிருந்து AB எடுக்கும் 2-ஐக் கழிக்கவேண்டும். வயரில் 4 ஆம்பியர். அதனால் நோடுகளைச் சேர்த்த பிறகும் வயர் உள்ள படத்தை அழிக்க விடுவதில்லை. டிரான்சிஸ்டர் கணக்குகளை நான் அதிகம் நடத்தியதில்லை. சொன்னதெல்லாம் பேட்டரி, ரெசிஸ்டர் கணக்குக்குத்தான்.