சேர்த்த காசில் வாங்கிய முதல் நல்ல ஷூ: ஓராண்டு போட்ட பிறகு

எட்டாம் வகுப்பு வரை அக்காவின் பழைய ஷூதான் எனக்கு. அதன் முன்பக்கம் வாய் பிளக்க ஆரம்பித்ததும், கைச்செலவுக்குக் கிடைப்பதில் பாதியை ஒரு டப்பாவில் போட்டேன். பள்ளிக்குப் போடும் கறுப்புத் தோல் ஷூதான் குறி. கடைக் கண்ணாடிக்குள் பார்த்து வைத்தாயிற்று, அளவும் கேட்டாயிற்று. காசு சேர்வதுதான் மெதுவாக இருந்தது.

காசோடு சேர்ந்து காலும் வளர்ந்துகொண்டிருந்ததை அப்போது யாரும் யோசிக்கவில்லை. சேர்க்கத் தொடங்கியபோது ஒரு தாளில் நின்று பாதத்தை வரைந்து வைத்திருந்தேன், சும்மா ஆசைக்கு. குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை 22.6 செ.மீ. டப்பா நிறைந்த பிறகு மறுபடி வரைந்தால் 23.2. ஆங்கிலேய அளவு முறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 8.5 மி.மீ.தான். அதாவது முக்கால் எண் அளவுக்குக் கால் நீண்டிருந்தது. முதலில் கேட்டு வைத்த எண்ணை வாங்கியிருந்தால் அன்றைக்கே விரல் முட்டியிருக்கும்.

"ரெண்டு எண் பெரிசா வாங்கு, மூணு வருஷம் வரும்" என்றார் அம்மா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷூ மடிய வேண்டிய இடம் விரல்கள் மடிகிற இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். பெரிதாக வாங்கினால் அந்த மடிப்பு தள்ளிப் போய்விடும். கால் முன்னும் பின்னும் வழுக்கும், குதிகால் உரசும், தோல் தப்பான இடத்தில் சுருங்கி வெடிக்கும். நடுவழியாக, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டோம். உள் அட்டையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தால் இது துல்லியமாகத் தெரியும். என்னுடையது 24.4 செ.மீ., ஆகவே 12 மி.மீ. இடம். சாயங்காலம், பள்ளி சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தவிர, என் இடது பாதம் வலதைவிடப் பெரிது.

சோலைச் சுற்றித் தையல் போட்டது வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன், பழைய ஷூ பிளந்த கோபம். இதில் ஒரு ஏமாற்று உண்டு: சில சோல்களில் தையல் மாதிரி அச்சு மட்டும் வார்த்திருப்பார்கள். இன்சோலைத் தூக்கிப் பார்த்தேன், உள்பக்கமும் நூல் வரிசை தெரிந்தது. சரி, நிஜம்தான்.

முதல் சில நாள் குதிகாலில் கொப்புளம். அளவு தப்போ என்று பயமாக இருந்தது. காரணம் லேஸ். மேல் துளைகள் வரை இறுக்கிக் கட்டாததால் நடக்கும்போது குதிகால் மேலே எழும்பி உரசியது. குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்துவிட்டுக் கட்டத் தொடங்கியதும் நின்றுவிட்டது.

மழையில் தொப்பலாக நனைந்தபோது அக்கா வெயிலில் வைக்கச் சொன்னாள். வைக்கவில்லை. சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும், பசையும் இளகும். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றி மாற்றி, நிழலிலேயே காயவிட்டேன். காய்ந்த பிறகுதான் பாலிஷ்.

இப்போதைய நிலவரம்: தையல் ஒன்றும் விடவில்லை. குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தரையில் முதலில் படுவது அந்த ஓரம்தான், அதனால் கவலைப்படவில்லை. இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். முதலில் தோற்றது இன்சோல்தான். குதிகால் படும் இடத்தில் அப்பளமாகிவிட்டது, வேறு வாங்கிப் போட்டேன். இவ்வளவு நல்ல ஷூவுக்கு இப்படி ஒரு இன்சோலா என்று கொஞ்சம் எரிச்சல்தான்.

கால் இப்போது 23.8. மிச்சம் 6 மி.மீ. சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் விரல் லேசாக முட்டப் பார்க்கிறது. ஷூ இன்னும் ஓராண்டு உழைக்கும், என் காலுக்கு அல்ல. தங்கை கேட்டிருக்கிறாள், அவள் கால் வளர்ந்து வரும்போது புது இன்சோல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். டப்பாவில் மறுபடி காசு விழ ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை எண்ணை இப்போதே கேட்டு வைக்கப் போவதில்லை, காசு சேர்ந்த அன்று அளந்துகொள்ளலாம்.