மாதம் நாலாயிரம் கூடுதலா, கையில் ஒரு லட்சமா?

உடன் வேலை பார்த்த தம்பி ஒருவர் இரண்டு பணி நியமனக் கடிதங்களோடு என் மேஜைக்கு வந்தார். முதல் நிறுவனம் கைக்கு வரும் மாதச் சம்பளமாக 50,000 தருவதாகச் சொன்னது. இரண்டாவது நிறுவனம் 46,000 தருவதாகச் சொல்லி, சேரும் நாளன்று 1,00,000 போனஸும் தருவதாக எழுதியிருந்தது. இவையும் வரி போகக் கையில் நிற்கும் தொகைகள்தான். வேலை, நேரம், தூரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. "ஒரு லட்சத்தை நாலாயிரத்தால் வகுத்தால் 25 மாதம். அதற்கு மேல் இருந்தால் சம்பளம், அதற்குள் கிளம்பினால் போனஸ். சரிதானே அக்கா?" என்றார்.

பாதி சரி. இன்று கையில் இருக்கும் பணத்தையும், அடுத்த இரண்டு ஆண்டில் துளித்துளியாக வந்து சேரும் பணத்தையும் அவர் ஒரே தராசில் வைத்துவிட்டார். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் கூட்டவோ கழிக்கவோ முடியும். மாதம் 1 சதவீதம் வட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் வரப்போகும் 4,000 இன்று 3,960 தான். இருபத்துநான்காம் மாதம் வரும் அதே 4,000-க்கு இன்றைய மதிப்பு 3,150 மட்டுமே. இப்படி 24 மாதத்தையும் கூட்டினால் 96,000 வராது. 84,974 தான் வரும்.

இதைக் கையால் போட வேண்டியதில்லை. எந்த விரிதாளிலும் இரண்டே வரிகள் போதும்:

```
=PV(0.01, 24, -4000)
=NPER(0.01, -4000, 100000)
```

முதல் வரி 24 மாதக் கூடுதல் சம்பளத்தின் இன்றைய மதிப்பைத் தரும். இரண்டாவது வரி, அந்தக் கூடுதல் சம்பளம் ஒரு லட்சத்தை எட்டிப்பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லும். விடை 28.9. ஆக, எல்லைக்கோடு 25 அல்ல, 29.

இந்த 1 சதவீதத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று தம்பி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த ஒரு லட்சம் கைக்கு வந்தால் அதை வைத்து என்ன செய்வோம் என்பதுதான் வட்டி விகிதத்தை முடிவு செய்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் வைப்பில் போடுவதாக இருந்தால் மாதத்துக்கு அரை சதவீதம். எல்லைக்கோடு 27-ஆம் மாதத்துக்கு வந்துவிடும். மாதம் 3 சதவீதம் வட்டி ஓடும் கிரெடிட் கார்டு கடன் ஒரு லட்சம் இருக்கிறது, அதை அடைக்கப் போகிறோம் என்றால் எல்லைக்கோடு 47-ஆம் மாதத்துக்குத் தள்ளிப்போகும். வட்டி மாதம் 4 சதவீதம் என்றால் கூடுதல் சம்பளம் ஒருநாளும் எட்டிப்பிடிக்காது. காரணம் எளிது: ஒரு லட்சத்துக்கு அந்த வட்டியே மாதம் 4,000. கூடுதலாக வரும் சம்பளம் முழுவதும் வட்டிக்கே சரியாகப் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். கடன் 40,000 தான் என்றால் அந்த 40,000-க்கு மட்டுமே இந்தக் கணக்கு; மீதி 60,000-க்கு வைப்பு வட்டியைத்தான் போட வேண்டும். தம்பிக்குக் கடன் இல்லை. அதனால் 3, 4 சதவீதம் தேவையில்லை; முதலில் வைத்துக்கொண்ட 1 சதவீதத்தோடே மேலே போனோம்.

அப்போதுதான் இரண்டாவது கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். 24 மாதம் முடியும் முன் விலகினால் போனஸ் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதில் 'முழுவதும்' என்றொரு சொல். அந்த ஒரு சொல் கணக்கையே புரட்டிப்போடுகிறது.

முழுவதும் திருப்ப வேண்டுமென்றால் அது போனஸே அல்ல, வட்டியில்லாக் கடன். 24 மாதத்துக்குள் எப்போது விலகினாலும் அந்த ஒரு லட்சத்தால் நமக்குக் கிடைத்த லாபம் மாதம் 1,000 வட்டி மட்டுமே. அதற்கு விலையாக மாதம் 4,000 சம்பளத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் 3,000 நஷ்டம். அதுவே விகிதப்படி திருப்பினால் போதும், அதாவது வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் 24-இல் ஒரு பங்கு கழியும் என்றிருந்தால், நிலைமை தலைகீழ். விலகும் மாதத்தைப் பொறுத்து, போனஸ் வேலை சம்பள வேலையைவிட இன்றைய மதிப்பில் எவ்வளவு முன்னே அல்லது பின்னே நிற்கிறது என்று போட்டுப் பார்த்தோம்:

| விலகும் மாதம் | முழுவதும் திருப்பினால் | விகிதப்படி திருப்பினால் |
|---|---|---|
| 6 | −17,386 | +6,165 |
| 15 | −41,595 | +12,239 |
| 24 முடிந்து | +15,026 | +15,026 |
| 36 | −20,430 | −20,430 |

இடது பத்தியை நிதானமாகப் பாருங்கள். 24 மாதத்துக்கு முன் கிளம்பினாலும் நஷ்டம், 29-ஐத் தொட்டாலும் நஷ்டம். 24 முடிந்த பிறகு 28-ஆம் மாதம் வரையிலான அந்தச் சிறு இடைவெளியில் விலகுகிறவருக்கு மட்டுமே போனஸ் லாபம். தன் விலகலை அவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்துக்கொண்டு வேலையில் சேர்கிறவர் யாரும் இல்லை. விகிதப்படி என்றால் முதல் மாதத்திலிருந்தே 28-ஆம் மாதம் வரை போனஸ் முன்னே நிற்கிறது. தொகை ஒன்றே, சொல் ஒன்றுதான் வேறு.

இதே வாக்கியத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: திருப்ப வேண்டியது வரி பிடித்த பின் கைக்கு வந்த தொகையா, பிடிப்பதற்கு முந்தைய மொத்தத் தொகையா? மொத்தத் தொகை என்றால், கண்ணால் பார்க்காத பணத்தையும் கையிலிருந்து கட்ட நேரும். அதை வரித்துறையிடம் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். போனஸ் முதல் நாளில் வராமல் மூன்று மாதம் கழித்து வந்தால் இழப்பு சிறியது; ஒரு லட்சம் 97,059 ஆகும், அவ்வளவே.

சம்பள உயர்வைப் பற்றியும் பேசினோம். உயர்வு சதவீதத்தில் வருவதால் 4,000 இடைவெளியும் ஆண்டுதோறும் வளரும். இரண்டு இடத்திலும் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்வு என்று வைத்தால் எல்லைக்கோடு 29-லிருந்து 28-க்கு வருகிறது, அவ்வளவுதான். நீண்ட காலத்தில்தான் அதன் பலம் தெரியும். ஐந்து ஆண்டில், உயர்வு இல்லாவிட்டால் சம்பள வேலை 79,820 முன்னே நிற்கும், உயர்வோடு 1,07,155. அடுத்த நிறுவனம் பழைய சம்பளத்தைக் கேட்டால் நாம் சொல்லப்போகும் எண்ணும் 46,000-இலிருந்து வளர்ந்ததுதான். வாங்கிய போனஸ் அதில் சேராது.

இவ்வளவும் ஆன பிறகு, எத்தனை நாள் அங்கே இருப்பதாக நினைக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, மேற்படிப்புக்காக ஒன்றரை ஆண்டில் விலகும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார். 18-ஆம் மாதத்துக்குக் கணக்கைப் போட்டோம். விகிதப்படி என்றால் போனஸ் வேலை 13,506 முன்னே. முழுவதும் என்றால் 49,195 பின்னே.

அன்றே அந்த நிறுவனத்துக்கு எழுதினார்: 'முழுவதும்' என்பதை 'பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப' என்று மாற்றித் தர முடியுமா என்று. இரண்டு நாள் கழித்து, எல்லாருக்கும் ஒரே விதிதான் என்று பதில் வந்தது. அவர் ஐம்பதாயிரம் சம்பளக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.