வேலை ஆலோசனை கேட்டாச்சு, அப்புறம் தொடர்பை எதில் வைத்துக்கொள்வது? வாட்ஸ்அப், போன், நேரில், மெயில்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர்களில் நிறையப் பேர் போவது ஒன்று கஞ்சிக்கோடு, இல்லாவிட்டால் எல்லை தாண்டி கோயம்புத்தூர். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு மெஷினிங் யூனிட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி ஹெட்டாக இருக்கிற என் பாலிடெக்னிக் சீனியர் நிதானமாக உட்கார்ந்து பேசினார். "வெறும் இன்ஸ்பெக்‌ஷன் அனுபவத்தை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் ரெஸ்யூம் போடாதே தம்பி. இப்ப இருக்கிற இடத்திலேயே ஒரு கேஜ் ஆர் அண்ட் ஆர் ஸ்டடியை முழுசா நீயே பண்ணு, அப்புறம் வா" என்றார். சில பீஸ்களை எடுத்து, அதே பீஸ்களை ஆள் மாற்றி ஆள், திரும்பத் திரும்ப அளந்து, அளவில் வரும் வித்தியாசத்தில் பீஸால் வருவது எவ்வளவு, கருவியாலும் அளக்கிற ஆளாலும் வருவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வேலை அது.

சரி, பண்ணியாச்சு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நான் மெயிலைத் தேர்ந்தெடுத்தேன், இப்போதும் அதே பக்கம்தான்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நேரில் போவதில் இருக்கிற நெருக்கம் வேறெதிலும் இல்லை, ஆனால் வேலந்தாவளம் வழியாக உக்கடம் போய் இறங்கி அவர் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருப்பது எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும். போன் என்றால் நமக்கு வசதியான நேரத்தில் அவர் ஷாப் ஃப்ளோரில் நிற்பார், "ம்ம், சரிப்பா" என்று வைத்துவிடுவார், பேசியது எங்கேயும் பதிவாகாது. லிங்க்ட்இன்னில் அவர் போஸ்ட்டுக்கு லைக் போடுவது நம் முகத்தை ஞாபகப்படுத்தும், நாம் என்ன செய்தோம் என்று சொல்லாது. வாட்ஸ்அப்தான் மெயிலுக்கு உண்மையான போட்டி. உடனே பார்ப்பார், கட்டைவிரலாவது காட்டுவார். ஆனால் குடும்ப குரூப், சப்ளையர் குரூப் எல்லாவற்றுக்கும் கீழே நம் செய்தி இறங்கிவிடும். வாய்ஸ் நோட் அனுப்பினால் முழுக்கக் கேட்டால்தான் விஷயம் தெரியும், பிறகு தேடி எடுக்கவும் முடியாது.

எனக்கு மெயிலை முடிவு செய்துகொடுத்தது ஒரே விஷயம்: அதை அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட முடியுமா? இப்படிப்பட்ட ஒருவரால் நமக்குக் கிடைக்கும் பெரிய உதவி ஆலோசனை மட்டும் இல்லை, "இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க" என்று அவர் வேறொருவரிடம் சொல்வதும்தான். அப்படிச் சொல்கிற நாளில் அவர் கையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை ஃபார்வேர்டு செய்தால் முன்கதை தெரியாமல் துண்டாகப் போய் நிற்கும். அதே சங்கிலியில் ரிப்ளை செய்துகொண்டே வந்த மெயிலில், அவர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், அவர் என்ன திருப்பிக் கேட்டார் என்பதெல்லாம் கீழே வரிசையாக இருக்கும். மூன்றாவது ஆள் இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம்.

எங்கள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேசிய மறுநாள் நாலு வரி அனுப்பினேன்: நன்றி, அவர் சொன்னதில் நான் எடுத்துக்கொண்ட ஒரு வேலை, எப்போதைக்குள் முடிப்பேன் என்று. இந்த முதல் மெயில் முக்கியம், ஏனென்றால் அடுத்தது எல்லாம் இதன் மேல்தான் ஏறி உட்காரும். ஸ்டடி முடிந்ததும் அதே மெயிலுக்கு ரிப்ளை:

"சார், நீங்கள் சொன்ன கேஜ் ஆர் அண்ட் ஆர் முடித்தேன். போர் கேஜ், 10 பீஸ், 3 பேர், ஆளுக்கு 3 முறை. முதலில் 34% வந்தது. மூவரும் ஜீரோ செட் செய்யும் முறை வேறு வேறாக இருந்தது. அதை ஒன்றாக்கிய பிறகு மறுபடி எடுத்தேன், 18%. இதை 10%க்குக் கீழே கொண்டுவர ஆளைப் பார்க்க வேண்டுமா, கருவியை மாற்ற வேண்டுமா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்."

தெரியாதவர்களுக்கு: போர் கேஜ் என்பது துளையின் உள்விட்டத்தை அளக்கிற கருவி. மொத்த வித்தியாசத்தில் கருவியாலும் ஆளாலும் வருவது 10%க்குக் கீழே இருந்தால் நல்லது, 10 முதல் 30 வரை வேலையைப் பொறுத்து ஏற்கலாம், 30க்கு மேல் அந்த அளவை நம்ப முடியாது. அதனால் 34 என்பதை மறைக்காமல் எழுதியதுதான் அந்த மெயிலின் உயிர். வெறும் 18 என்று எழுதியிருந்தால் கேட்பதற்கு அவருக்கு எதுவும் இருந்திருக்காது. அவர் பதில் ஒரே வரி: "என்டிசி எவ்வளவு?" அளவீடு எத்தனை வகைகளாகப் பீஸ்களைப் பிரித்துக்காட்டும் என்கிற எண் அது, 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முதலில் 3, பிறகு 7 என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நாளில் அந்தச் சங்கிலியை அப்படியே, மேலே ஒரு வரி சேர்த்து, வேறு கம்பெனியில் இருக்கிற நண்பருக்கு அனுப்பிவிட்டு எனக்கும் காப்பி போட்டிருந்தார். அந்த நண்பர் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு இன்னும் வேலையாக மாறவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் என்று அவருக்கு விளக்க வேண்டியே இருக்கவில்லை.

மெயிலிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சப்ஜெக்ட்டை மாற்றினால் ஜிமெயிலில் சங்கிலி அறுந்து புது மெயிலாகிவிடும், அதனால் அதைத் தொடவே வேண்டாம். அவர் வேறு கம்பெனி ஆள் என்பதையும் மறக்கக் கூடாது: டிராயிங், பார்ட் நம்பர், கஸ்டமர் பெயர் எதுவும் போகக் கூடாது. நான் சதவீதமும் முறையும் மட்டும்தான் எழுதினேன், ஷீட்டை இணைக்கவில்லை. மாசக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி, தீபாவளியை ஒட்டி ஆள் லீவ், அந்த நேரங்களைத் தவிர்த்து மாதத்தின் இரண்டாம் வாரத்தில் அனுப்புகிறேன். சொல்ல விஷயம் இருந்தால்தான் அனுப்புவது, ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. அவர் சொன்னதைச் செய்ய முடியாமல் போனாலும் காரணத்தோடு எழுதலாம். "கஞ்சிக்கோட்டில் அந்த மெஷின் எங்களிடம் இல்லை" என்பதும் ஒரு தகவல்தான். முன்னேற்றம் சொல்கிற மெயிலிலேயே "உங்க கம்பெனியில் வேக்கன்சி இருக்கா" என்று கேட்டால் மேலே எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்கான முன்னுரையாகத் தெரியும். வேலை கேட்பதாக இருந்தால் தனியாக, போனில் நேராகக் கேட்பது மேல்.

பதில் கேள்வியாக வந்தால் தொடர்பு உயிரோடு இருக்கிறது. இரண்டு மெயிலுக்குத் தொடர்ந்து "குட்" மட்டும் வந்தால் நாம் கேட்கிற கேள்வி பெரிதாகவோ பொதுவாகவோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அவர் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம்.

இதெல்லாம் மேசையில் உட்கார்ந்து மெயில் பார்க்கிற ஆட்களுக்குப் பொருந்தும். சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறவர், ஃபவுண்டரி சூப்பர்வைசர், அரசு வேலையில் இருக்கிற சித்தப்பா, இவர்களிடம் மெயில் எப்படி எடுபடும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே வாட்ஸ்அப்பிலேயே, வாய்ஸ் நோட் இல்லாமல், அதே ஐந்தாறு வரியை ஒரே செய்தியாக எழுதி அனுப்புவதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் சீனியருக்கும் மெயில் அனுப்பிய அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவேன்: "அண்ணா, மெயில் போட்டிருக்கேன், நேரம் இருக்கும்போது பாருங்க."