பெயரா, எண்ணா? ஒரு பம்ப் கையேட்டின் படத்தை வைத்து ஓர் ஒப்பீடு

பயனர் கையேட்டுக்கு ஒரு பாகப் படம் வரைய உட்கார்ந்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். பாகத்திலிருந்து வெளியே இழுக்கும் சுட்டுக்கோட்டின் முனையில் பாகத்தின் பெயரையே எழுதுவதா, இல்லை வட்டத்துக்குள் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு பெயர்களைத் தனியே ஒரு பாகப் பட்டியலில் கொடுப்பதா? இரண்டு விதமாகவும் வரைந்திருக்கிறேன், இரண்டிலும் தவறியும் இருக்கிறேன். பம்பின் சுழலும் தண்டு வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றுவதற்கான ஒரு தண்ணீர் பம்ப் கையேட்டை வைத்தே சொல்கிறேன்.

படம் பம்பைப் பிரித்துக் காட்டுவது. மோட்டார் ஒரு பக்கம், கேஸிங் மறுபக்கம், நடுவில் ஓ-ரிங், இம்பெல்லர் நட், வாஷர், இம்பெல்லர், சாவிக்கட்டை, சீலின் சுழலும் பாதி, சுழலாத பாதி, பின்தகடு என எல்லாம் ஒரே அச்சில் வரிசையாக நிற்கும். போல்ட்டுகள், நீர் சிதறல் வளையம், வடிகால் மூடி, நீர் ஊற்றும் மூடி எல்லாம் சேர்த்து 14 பாகங்கள். தாள் ஏ5, அதாவது 148 மி.மீ. அகலம். ஓரங்கள் போக வரைய 120 மி.மீ. கிடைக்கும்.

முதலில் பெயர்களையே எழுதிப் பார்த்தேன். 8 புள்ளி எழுத்தில் ‘மெக்கானிக்கல் சீல்’ என்பதற்கே ஏறக்குறைய 27 மி.மீ. போய்விடுகிறது. இரு பக்கமும் பெயர்களுக்கு 30 மி.மீ. விட்டால் படத்துக்கு மிஞ்சுவது 60 மி.மீ. அந்த அளவில் சீலின் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்ட ஒரே கோடாகத் தெரிந்தன. எண்கள் போட்டபோது பக்கத்துக்கு 10 மி.மீ. போதும், படம் 100 மி.மீ.க்கு விரிந்தது. சுழலும் பாதியின் ஸ்பிரிங்கும் சுழலாத பாதியின் ரப்பர் உறையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. கையேட்டை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போதும் எண்கள் போட்ட படத்தைத் தொட வேண்டியதில்லை, பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

இவ்வளவு பார்த்தால் எண்தான் சரி என்று தோன்றும். ஆனால் அதன் விலையைப் படிப்பவர் கொடுக்கிறார். எண்ணைப் பார்த்து, பட்டியலுக்குப் போய், பெயரைப் படித்து, மறுபடி படத்துக்கு வர வேண்டும், அதுவரை எண் மனதில் நிற்க வேண்டும். படமும் விளக்கமும் பிரிந்து கிடந்தால் கற்பவரின் கவனம் சிதறுகிறது என்று கல்வி உளவியல் ஆய்வாளர்கள் ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும் 1990-களின் தொடக்கத்தில் சோதனைகளால் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் மின் வேலைக்கான செய்முறைக் குறிப்புகளும் இருந்தன. நான் அதை நேரில் பார்த்தது, என் முதல் கையேட்டில் பட்டியல், படம் இருந்த தாளின் பின்புறம் போய்விட்டபோது. பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கிரீஸ் கையோடு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாவது தடவை திருப்பியதோடு படத்தை விட்டுவிட்டு ஊகத்தில் வேலையைத் தொடர்ந்தார். படமும் பட்டியலும் ஒரே பார்வையில் விழ வேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எண்ணுக்கு இன்னொரு பெரிய குறையும் உண்டு. தப்பாகப் போனால் அது காட்டிக்கொடுக்காது. அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில் வாஷரைப் புதிதாகச் சேர்த்து 5 என்று கொடுத்தோம். அதற்குப் பின் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்று கூடின. படமும் பட்டியலும் திருத்தப்பட்டன. ஆனால் செய்முறையின் ஒரு வரியில் மட்டும் ‘(8)-ஐ விரலால் தொடாமல் எடுக்கவும்’ என்பது பழையபடி நின்றுவிட்டது. முன்பு 8 என்பது சீலின் சுழலாத பாதி. இப்போது அது 9, 8 என்பது சுழலும் பாதி. வரியைப் படித்த யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை, ஏனென்றால் 8 என்ற எண் படத்தில் இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தில் பெயர் இருந்திருந்தால் தப்பு நேர்ந்திருக்காது. உண்மையில் இரண்டு பாதிகளின் உராயும் முகங்களையுமே தொடக் கூடாது. விரலின் எண்ணெயோ மணல் துகளோ ஒட்டினால் சீல் சரியாகப் படியாமல் ஒழுகலாம்.

அதனால் இப்போது செய்முறை வரிகளில் எண்ணை மட்டும் தனியே விடுவதில்லை. ‘சீலின் சுழலாத பாதியை (9) எடுக்கவும்’ என்று பெயரும் எண்ணும் சேர்ந்தே வரும். எண் படத்தில் இடத்தைக் காட்டும், பெயர் அந்த எண் சரிதானா என்று காட்டும். படிப்பவர் பட்டியலுக்குப் போகவும் வேண்டாம்.

அப்புறம், எண்களை எந்த வரிசையில் போடுவது? கழற்றும் வரிசையில் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும் என்பதால் வடிகால் மூடிதான் 1. ஆனால் அது படத்தில் கேஸிங்கின் அடியில் இருக்கிறது, 2 மேலே ஒரு போல்ட்டில், 3 மறுபடி கேஸிங்கில். கண் தாவித் தாவித் தேடும். திரும்பப் பூட்டும்போது வரிசை தலைகீழாகிவிடுவதால் அந்த உதவியும் பாதி வேலைக்குத்தான். படத்தில் கடிகாரச் சுற்றாகவோ அச்சின் வழியாகவோ எண்கள் ஓடினால் 6-க்கும் 8-க்கும் நடுவில் 7 இருக்கும் என்று தேடாமலே தெரியும். நான் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். கழற்றும் வரிசையைச் சொல்ல செய்முறை வரிகள் இருக்கின்றனவே. பதிப்பு வெளியான பிறகு ஒரு பாகம் கூடினால் அதற்குக் கடைசி எண்ணைக் கொடுத்துவிடுவேன். 6-க்கும் 7-க்கும் நடுவில் 15 நிற்பது அழகாக இராதுதான், ஆனாலும் பழைய எண்ணைச் சொல்லி உதிரிபாகம் கேட்பவருக்கு வேறு பாகம் போய்விடாது. இதே காரணத்தால்தான் ஒவ்வொரு படத்துக்கும் எண்ணை 1-லிருந்து தொடங்குவதையும் நான் ஏற்பதில்லை. இம்பெல்லர் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதற்கு ஒரே எண்.

சுட்டுக்கோட்டைப் பொறுத்தவரை எந்த முறையானாலும் விதி ஒன்றே. தொழில்நுட்ப வரைபடங்களுக்கான ஐஎஸ்ஓ 128 தரநிலைப்படி கோடு பாகத்தின் உருவத்துக்குள் முடிந்தால் முனையில் புள்ளி, விளிம்பில் முடிந்தால் அம்புமுனை. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சீலின் இரு பாதிகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அம்பு நின்றால் அது எந்தப் பாதியைச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 3 மி.மீ. அகல வளையமாக இருந்தாலும் அதன் உடலுக்குள் புள்ளி விழுந்தால் சந்தேகம் இல்லை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. அச்சுக்கோட்டுக்கோ வெட்டுமுகத்தின் சாய்கோடுகளுக்கோ இணையாகப் போனாலும் அவற்றோடு கலந்துவிடும். சோதிக்க ஒரு வழி: எண்களை மறைத்துவிட்டு, வேறொருவரிடம் ஒவ்வொரு கோட்டின் முனையும் எந்தப் பாகத்தில் முடிகிறது என்று பென்சிலால் நிழல் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தக் கோட்டைத் திரும்ப வரைய வேண்டும்.

பம்ப் கையேட்டில் கடைசியாக இரண்டையுமே வைத்தேன். 14 பாகங்களும் உள்ள முழுப் படத்துக்கு எண்கள், எதிர்ப்பக்கத்திலேயே பட்டியல். ஒவ்வொரு படிக்கும் வரும் சின்னப் படங்களில் கை வைக்க வேண்டிய பாகங்கள் இரண்டோ மூன்றோதான், அங்கே பெயரையே எழுதி, பக்கத்தில் அதே எண்ணையும் போட்டேன். என் அனுபவத்தில் ஆறேழு பாகங்கள் வரை பெயர் தாங்கும். அதற்கு மேல் போனால் கோடுகளும் எழுத்துகளும் படத்தை நெருக்க ஆரம்பிக்கின்றன. சீலுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய படம் வரைந்தேன். அதில் எண்ணே இல்லை: ‘இந்த முகத்தைத் தொட வேண்டாம்’ என்று அந்தந்த முகத்துக்கு நேரே எழுதியிருக்கிறது.